டிசம்பரில் யாரும் பிறக்காத ஊர்கள்

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். அதைவிட நீளமானது, அந்த நாட்களில் என்னைப் பற்றி எனக்கிருந்த எண்ணம். யாழ்ப்பாணத்தில் கணிதம் படித்துவிட்டு மொன்றியலுக்கு வந்தவள் நான். வந்த புதிதில் ஒரு பேக்கரியில் பெட்டி அடுக்கினேன். அதன் பிறகு கணினிக்கு முன்னால் உட்காருகிற ஒரு வேலை கிடைத்ததும் தலை கால் புரியவில்லை. பார்க் எக்ஸ்டென்ஷனில் எங்கள் மாடிவீட்டுக்கு வருகிறவர்கள், போகிறவர்கள் எல்லாரிடமும் அந்த வேலையைப் பற்றிச் சொல்லி அறுத்திருக்கிறேன்.

இரண்டாயிரங்களின் தொடக்கம் அது. அஹுன்ட்சிக் பக்கம் தையல் தொழிற்சாலைகள் இருந்த பெரிய கட்டடம் ஒன்றில், தையல்காரர்கள் காலி செய்து போன ஒரு தளத்தில் எங்கள் கந்தோர். தரைப் பலகை இடுக்குகளில் அப்போதும் குண்டூசிகள் கிடந்தன. பழைய புத்தகங்களை ஸ்கேன் செய்வோம். எழுத்தறியும் மென்பொருள் அந்தப் படங்களைப் படித்து எழுத்தாக மாற்றித் தரும். அது விடுகிற பிழைகளைத் திருத்தி, கேட்டவர்களுக்குக் கோப்பாக அனுப்புவதுதான் தொழில்.

திருத்துகிறவர்களில் ஒருவர் மன்னாரைச் சேர்ந்த ஓர் அக்கா. செயின்ட்-மிஷேலிலிருந்து இரண்டு பஸ் மாறி வருவார். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். ஞாயிறு பூசையைத் தவறவிடாதவர், வேலையில் அவசரப்படாதவர். அட்டவணை என்று வந்தால் மேலாளர் அவருக்குத்தான் கொடுப்பார். ஒரு இலக்கத்தை மூன்று தரம் பார்க்கிற பொறுமை அந்தத் தளத்தில் வேறு யாருக்கும் இருக்கவில்லை. எனக்குச் சுத்தமாக இல்லை.

அந்தக் குளிர்காலத்தில் ஒரு பல்கலைக்கழகத்து வரலாற்றுத் துறைக்காகப் பழைய பிறப்புக் கணக்குகளைச் செய்துகொண்டிருந்தோம். ஒரு பக்கத்துக்கு ஒரு மாவட்டம், முப்பது ஊர்கள். ஒவ்வொன்றும் ஒரு கத்தோலிக்கப் பங்கு, அதாவது ஒரு தேவாலயத்தைச் சேர்ந்த ஊர். குறுக்கே ஜனவரி முதல் டிசம்பர் வரை பன்னிரண்டு மாதங்களில் எத்தனை குழந்தைகள் பிறந்தன என்று இலக்கங்கள். வலது ஓரத்தில் அந்த ஊரின் மொத்தம். அடியில் ஒவ்வொரு மாதத்துக்கும் எல்லா ஊர்களும் சேர்ந்த மொத்தம். ஒரு மாதத்தில் ஒருவரும் பிறக்காவிட்டால் அச்சடித்தவர்கள் பூச்சியம் போடவில்லை, இடத்தை வெறுமையாக விட்டிருந்தார்கள்.

நாங்கள் அனுப்பியதைப் பார்த்துவிட்டுப் பல்கலைக்கழகத்திலிருந்து முதலில் இலக்கங்கள் பிழை என்று ஒரு முறைப்பாடு வந்தது. மூன்று கிழமை கழித்து இரண்டாவதும் வந்தது. இரண்டாவதை எழுதியவர் நல்ல நக்கல்காரர். ‘உங்கள் அட்டவணைப்படி இந்த மாவட்டத்தில் டிசம்பர் மாதத்தில் அநேகமாக யாருமே பிறக்கவில்லை. கிறிஸ்துமஸைக் கொண்டாடுவதில் எல்லாரும் அவ்வளவு மும்முரமா?’ என்று கேட்டிருந்தார்.

அந்தப் பக்கங்கள் முழுவதும் அக்கா திருத்தியவை. மேலாளர் அவரை அழைத்து, வெள்ளிக்கிழமையோடு ஒப்பந்தம் முடிகிறது, இனிப் புதுப்பிக்க முடியாது போலிருக்கிறது என்று சொல்லிவிட்டார். மன்னாரிலிருந்த தன் தாயை இங்கே கூப்பிட அக்கா படிவங்கள் நிரப்பிக்கொண்டிருந்த சமயம் அது. நிலையான வேலை இருக்கிறது என்று கந்தோரிலிருந்து ஒரு கடிதம் அந்தப் படிவங்களோடு போகவேண்டும். வேலை போனால் கடிதம் இல்லை. கடிதம் இல்லாவிட்டால் அம்மா அங்கேதான்.

வியாழக்கிழமை காலை, கோப்பி இயந்திரத்துக்குப் பக்கத்தில் நின்று அக்கா இதையெல்லாம் என்னிடம் சொன்னார். அழவில்லை. குரல்தான் வழமையைவிட மெதுவாக இருந்தது.

“நத்தாருக்கு ஒருத்தரும் பிறக்கேல்லையாம். யேசு பாலனையும் நான்தான் நவம்பருக்குத் தள்ளிப்போட்டன் போல” என்று சிரிக்கப் பார்த்தார்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அக்காதான் எங்கேயோ பிழை விட்டிருக்கிறார் என்றே நான் நினைத்தேன். வாயிலும் வந்துவிட்டது.

“கடைசியில ஒருக்கா எல்லாத்தையும் கூட்டிப் பாத்திருக்கலாமே அக்கா?”

“பாத்தனான் பிள்ளை. ஒவ்வொரு வரியும் கையால கூட்டிப் பாத்தனான். ஒரு வரியும் பிழைக்கேல்லை. வந்து பாரும்.”

போய்ப் பார்த்தேன். ஏதாவது ஒரு வரியில் பிழை பிடித்துக் காட்டவேண்டும் என்ற நப்பாசை கூட இருந்தது. ஒரு சின்னப் பங்கின் வரி இப்படி இருந்தது: மூன்று, இரண்டு, ஒன்று, நான்கு, இரண்டு, மூன்று, ஒன்று, இரண்டு; மொத்தம் பதினெட்டு. கூட்டினால் பதினெட்டுத்தான் வருகிறது. ஆனால் எட்டு இலக்கங்களும் ஜனவரியிலிருந்து ஓகஸ்ட் வரை வரிசையாக உட்கார்ந்திருந்தன. செப்டெம்பர் முதல் டிசம்பர் வரை நான்கு மாதமும் வெறுமை. அடுத்த ஊரிலும் அப்படியே. அதற்கடுத்த ஊரிலும் அப்படியே. பஸ்ஸில் நடத்துநர் ‘முன்னுக்குப் போங்கோ, முன்னுக்குப் போங்கோ’ என்று கத்தினால் எல்லாரும் முன்னால் நெருங்கிப் பின்பக்கம் காலியாகுமே, அதுபோல எல்லாப் பிறப்பும் இடப்பக்கம் நெருங்கியிருந்தது.

ஒரு இலக்கம்கூடப் பிழையில்லை! ஒவ்வொன்றும் சரி, இருக்கிற இடம்தான் பிழை. இடையிலிருந்த வெறுமைகள் காணாமல் போய், இலக்கங்கள் இடம்பெயர்ந்திருக்கின்றன. குறுக்கே கூட்டினால் இது ஒருநாளும் பிடிபடாது. எந்த மாதத்தில் உட்கார்ந்தாலும் பதினெட்டு பதினெட்டுத்தானே.

“அக்கா, நீங்கள் ஒரு பிழையும் விடேல்லை!” என்று நான் போட்ட சத்தத்தில் நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

“அப்ப ஆர் விட்டது?”

“தெரியாது. பேந்து பாப்பம். முதல்ல இதை நேராக்குவம்.”

அசல் பக்கங்களின் படங்கள் எங்களிடம் இல்லை. அந்தக் காலத்தில் கணினியில் இடம் பஞ்சம். ஒரு தொகுதி முடிந்ததும் படங்களை சிடியில் எழுதிப் புத்தகத்தோடு அனுப்பிவிட்டு இங்கே அழித்துவிடுவோம். திருப்பிக் கேட்டால் வர ஒரு கிழமையாவது ஆகும். அக்காவுக்கு இருந்தது ஒரே ஒரு நாள். திருத்தும்போதும் அசலின் முழுப்பக்கம் அவர் கண்ணில் பட்டிருக்காது. மென்பொருள் சந்தேகப்படுகிற இலக்கங்களை மட்டும் ஒவ்வொன்றாகப் பெருப்பித்துக் காட்டும், மூன்றா எட்டா என்று சொல்லிவிட்டு அடுத்ததற்குப் போகவேண்டும். கோவிலைச் சுவரில் இருக்கிற ஓட்டை வழியாகப் பார்ப்பதுபோல.

எனக்கு முதலில் தோன்றியது நெடுக்குக் கூட்டல். அடியிலிருந்த மாத மொத்தங்களின் வரியில் வெறுமை இருக்காது என்பதால் அது இடம்பெயர்ந்திருக்க வழியில்லை. ஜனவரிக்கு அச்சில் இருந்தது நூற்றொன்பது. எங்கள் அட்டவணையில் ஜனவரியைக் கூட்டினால் நூற்றுப்பதினேழு. ஆக, எட்டுக் குழந்தைகள் வேறு மாதத்திலிருந்து ஜனவரிக்குள் நுழைந்திருக்கின்றன! எந்த ஊர்களின் முதல் இலக்கங்களைச் சேர்த்தால் எட்டு வருகிறதோ, அந்த ஊர்களில் ஜனவரி வெறுமை. அவற்றை வலப்பக்கம் தள்ளிவிட்டுப் பெப்ரவரிக்குப் போகலாம், பிறகு மார்ச்.

அக்கா இலக்கங்களை வாசிக்க நான் எழுதினேன். ஒரு மணி நேரம் இருவரும் மூச்சுவிட மறந்துபோனோம். ஆனால் முப்பது ஊர்களில் எட்டு வருவதற்கு எத்தனை வழி! ஐந்தும் மூன்றும். நான்கும் நான்கும். மூன்று, மூன்று, இரண்டு. முதல் இலக்கம் மூன்றாக இருக்கிற ஊர்கள் மட்டும் ஏழு இருந்தன. அவற்றில் எது? பெப்ரவரி, மார்ச் என்று போகப் போகச் சில வழிகள் அடைபட்டன, சில புதிதாகத் திறந்துகொண்டன. மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஒரே பக்கத்துக்கு நான்கு விடைகள் கையில் இருந்தன. நான்குமே கூட்டலில் சரி. நான்கில் மூன்று பொய்.

“எது சரி எண்டு எப்பிடிச் சொல்லுறது?” என்றார் அக்கா.

“சொல்ல ஏலாது” என்றேன். சொல்லும்போதே எரிச்சலாக இருந்தது.

அக்கா சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்தபடி சும்மா கேட்டார்: “மெஷின் வாசிச்ச உடன என்ன எழுதினது எண்டு எங்கையும் கிடக்காதே?”

நான் கையிலிருந்த புட்டைப் பெட்டியிலேயே போட்டுவிட்டு எழும்பி ஓடினேன். கிடக்கும்! மென்பொருள் ஒவ்வொரு பக்கத்தையும் வாசித்தவுடன் ஒரு சாதாரண எழுத்துக் கோப்பை எழுதி ஒரு மூலையில் போட்டுவைக்கும். படங்களைப் போல அவை இடம் பிடிக்காததால் யாரும் அழிப்பதில்லை, திறந்து பார்ப்பதுமில்லை. தேடி எடுத்துத் திறந்தேன். முதலில் குப்பையாகத்தான் தெரிந்தது. இலக்கங்கள் கோணல்மாணலாகச் சிதறிக் கிடந்தன. பிறகுதான் எழுத்துருவைப் பார்த்தேன். ‘ஒன்று’ ஒடுங்கியும் ‘எட்டு’ அகன்றும், இடைவெளி இன்னும் ஒடுங்கியும் இருக்கிற எழுத்துரு. எல்லாவற்றையும் தெரிவுசெய்து கூரியர் என்ற எழுத்துருவுக்கு மாற்றினேன். அதில் ஒவ்வொரு எழுத்துக்கும் ஒவ்வொரு இடைவெளிக்கும் ஒரே அகலம்.

இலக்கங்கள் எழுந்து வரிசையில் நின்றன. நடுவில் வெறுமைகள். வெறுமைகள் இருந்தன! செப்டெம்பரில் ஒரு வெறுமை, ஏப்ரலில் ஒரு வெறுமை. டிசம்பரில் குழந்தைகள்!

“பிறந்திட்டுதுகள் அக்கா!” என்று கத்தினேன். பக்கத்து மேசையில் இருந்த ஹெயிற்றிக்காரப் பெண் யாருக்கோ பிரசவம் ஆகிவிட்டது என்று நினைத்து எனக்கு வாழ்த்துச் சொன்னாள்.

ஆனாலும் கொஞ்சம் இடித்தது. எல்லா வரிகளும் ஒரே நேரில் நிற்கவில்லை. சில ஊர்களின் வரி இரண்டு மூன்று இடம் வலப்பக்கம் விலகியிருந்தது. தலைப்பிலிருந்த மாதப் பெயர்களுக்கு நேரே கோடு கிழித்து வெட்டினால், பத்து ஊர்களில் மார்ச் ஏப்ரலுக்குள் போய் விழுந்தது. காரணத்தை அக்காதான் கண்டார். திரையில் விரலை வைத்து, “நீளப் பெயர் உள்ள பங்குகள்தான் கூட விலகுது, பாரும்” என்றார். சரியாகச் சொன்னார். ‘செயின்ட்’ என்று தொடங்கி நான்கு துண்டுகளைக் கோடு போட்டுச் சேர்த்த பெயர்கள் அவை. மென்பொருள் அச்சிலிருந்த தூரத்தை எழுத்து இடங்களாக மாற்றும்போது, பெயரின் நீளம் அந்த வரி முழுவதையும் வலப்பக்கம் தள்ளியிருந்தது. வரி குலையவில்லை, அப்படியே விலகியிருந்தது.

அப்படியானால் இடப்பக்கத்திலிருந்து அளக்கவே கூடாது. வலப்பக்கத்திலிருந்து அளக்கவேண்டும்! எந்த ஊருக்கும் மொத்தம் உண்டு, அது வெறுமையாக இருக்காது. எல்லா இலக்கங்களும் வலது ஓரம் ஒட்டி அச்சிடப்பட்டவை. மொத்தத்தின் கடைசி இலக்கத்தைப் பிடித்துக்கொண்டு பின்னால் எண்ணினோம். ஆறு இடம் தள்ளினால் டிசம்பர் முடிகிறது, அதிலிருந்து ஐந்தைந்து இடமாக நவம்பர், ஒக்டோபர். ஒரு இடம் முன்பின் இருந்தால் பொறுத்துக்கொண்டோம். அக்கா ஒரு தாளில் பென்சிலால் அளவு குறித்து, அதைத் திரையில் வைத்து ஒவ்வொரு வரியாக நகர்த்தினார். நான் எக்செல்லில் போட்டேன். எங்கள் பதினெட்டுக்காரச் சின்னப் பங்கில் ஜனவரி, ஏப்ரல், ஜூலை, செப்டெம்பர் நான்கும் வெறுமை என்று தெரிந்தது. டிசம்பரில் இரண்டு குழந்தைகள்.

அடிவரியில் இன்னொரு விஷயம் தெளிந்தது. மாவட்டத்தின் முழு மொத்தம் எங்கள் அட்டவணையில் இருநூற்று நான்கு என்று இருந்தது. ஒவ்வொரு மாதமும் நூறு நூறாகப் பிறந்திருக்க, வருடத்துக்கு இருநூற்று நான்கா? அசல் கோப்பில் ஒன்றும் இருநூற்று நான்கும் ஒரேயொரு இடைவெளியோடு நின்றன. இங்கே ஆயிரத்துக்குக் காற்புள்ளி போடமாட்டார்கள், சின்ன இடைவெளிதான் விடுவார்கள். ஆயிரத்து இருநூற்று நான்கு அது. ஓர் இடைவெளி என்றால் ஒரே இலக்கம், இரண்டோ அதற்கு மேலோ என்றால் புதிய கட்டம். எவ்வளவு எளிது!

முப்பதாவது ஊரும் முடிந்தது. ஜனவரியைக் கூட்டினேன். நூற்றொன்பது. பெப்ரவரி சரி. மார்ச் சரி. அக்கா அச்சு மொத்தத்தை வாசிக்க வாசிக்க நான் “ஓம்”, “ஓம்” என்று சொல்லிக்கொண்டே போனேன். டிசம்பருக்கு வந்தோம். அதுவும் சரி. வலது ஓரம், அடிவரி, முழு மொத்தம் எல்லாம் பொருந்தின. அக்கா சிலுவை போட்டுக்கொண்டார். நான் அவரைக் கட்டிப்பிடித்தேன். பரீட்சையில் முதலாவதாக வந்த நாளில்கூட எனக்கு அப்படி ஒரு சந்தோஷம் வந்ததில்லை.

பஸ்ஸில் வீடு திரும்பும்போதுதான் அந்தக் கேள்வி வந்தது. மென்பொருள் வெறுமைகளைச் சரியாக எழுதியிருக்கிறது. அக்காவின் கைக்கு வரும்போது அவை இல்லை. நடுவில் எடுத்தது யார்?

பதில் தெரிய இரண்டு தரிப்பிடம்கூட ஆகவில்லை. நான்.

நான்கு மாதத்துக்கு முன் நான் ஒரு மாக்ரோ, அதாவது கணினி தானாகவே செய்து முடிக்கிற ஒரு சின்னக் கட்டளைத் தொடர், எழுதியிருந்தேன். பிரெஞ்சில் கேள்விக்குறிக்கும் முக்காற்புள்ளிக்கும் முன்னால் ஓர் இடைவெளி விடுவார்கள். மென்பொருள் அதை இரண்டாகவும் மூன்றாகவும் வாசித்துத் தொலைக்கும். திருத்துகிறவர்கள் அதைக் கையால் எடுத்துக்கொண்டிருந்தார்கள். தொடர்ந்து வருகிற இடைவெளிகளை எல்லாம் ஒன்றாக்கும்படி நான் நாலு வரி எழுதிக் கொடுத்தேன். வேலை பாதியானது. மேலாளர் எல்லார் முன்னிலையிலும் கை தட்டினார். எல்லாக் கோப்புகளும் இனி இதனூடாகத்தான் போகவேண்டும் என்று நானே முன்வந்து அமைத்தும் கொடுத்தேன். நாவலுக்கும் கடிதத்துக்கும் அது நல்லது. அட்டவணைக்கு அது கொள்ளி: ஓர் இடைவெளிக்கு ஒரு கட்டமாக ஜனவரியிலிருந்து நிரம்பும், கடைசி இலக்கம் மட்டும் மொத்தத்தில் போய் உட்காரும். ஓர் இடைவெளிக்கும் ஐந்து இடைவெளிக்கும் இருந்த வித்தியாசத்தில்தான் அட்டவணையே இருந்தது, அந்த வித்தியாசத்தை நான் துடைத்து எடுத்திருந்தேன்.

வெள்ளி காலை மேலாளரின் அறைக்குள் அக்காவும் நானும் போனோம். சொல்லவேண்டிய பிரெஞ்சு வசனத்தை வழி நெடுகப் பாடமாக்கி வைத்திருந்தேன்: ‘மென்பொருள் அட்டவணைகளில் இடைவெளிகளைத் தொலைக்கிறது.’ அதில் மாக்ரோ இல்லை, நான் இல்லை. அக்காவைக் காப்பாற்ற அது போதும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

பழைய பக்கத்தையும் புதிய பக்கத்தையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்தேன். மேலாளர் மாத மொத்தங்களைத் தானே ஒருமுறை கூட்டினார். முகம் மலர்ந்தது. எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று கேட்டதுதான் தாமதம், பாடமாக்கிய வசனம் பறந்துபோனது. மொத்தத்திலிருந்து பின்னால் எண்ணியதை, நீளப் பெயர்களை, ஓர் இடைவெளிக்கும் இரண்டு இடைவெளிக்கும் உள்ள வித்தியாசத்தை எல்லாம் கையையும் காலையும் ஆட்டி உடைந்த பிரெஞ்சில் கொட்டினேன். அசல் கோப்பைத் திறந்தும் காட்டினேன்.

அவர் அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். “இதில் எல்லாம் சரியாகத்தானே இருக்கிறது. இவற்றை எடுத்தது யார்?” என்று கேட்டார்.

அக்காவும் என்னைத் திரும்பிப் பார்த்தார். ‘பேந்து பாப்பம்’ என்று நான் தள்ளிப்போட்ட அதே கேள்வி.

“நான்தான்” என்றேன். மாக்ரோவைச் சொன்னேன். நான்கு மாதமாக எல்லா அட்டவணையும் அதனூடாகத்தான் போயிருக்கிறது என்பதையும் சொன்னேன்.

மேலாளர் கத்தவில்லை. அந்த மாக்ரோவை அன்றே நிறுத்தச் சொன்னார். நான்கு மாத அட்டவணைகளையும் அசல் கோப்புகளிலிருந்து நானே திருப்பிச் செய்யவேண்டும், முடிகிற ஒவ்வொரு பக்கத்தையும் அக்கா பார்த்துச் சரி என்ற பிறகுதான் வெளியே போகும் என்றார். அக்காவிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு, ஒப்பந்தம் தொடரும், கடிதம் மதியத்துக்குள் தயாராகும் என்றார்.

வெளியே வந்ததும் நான் துள்ளினேன். வெட்கத்தையும் மீறி அவ்வளவு சந்தோஷம். “கடிதம் வருது அக்கா! அம்மாவுக்குச் சொல்லுங்கோ!” என்றேன்.

அக்கா துள்ளவில்லை. தாழ்வாரத்தில் ஜன்னலோரம் நின்றார்.

“முதல் முறைப்பாடு வந்த அண்டைக்கே கண் டொக்டரிட்டப் போனனான்” என்றார். “கண்ணில ஒரு பிழையுமில்லை எண்டு சொன்னவர். நான் நம்பேல்லை. இன்னொருத்தரிட்டப் போனன், அவரும் அதைத்தான் சொன்னவர். அவரையும் நம்பேல்லை பிள்ளை. மூண்டு கிழமையா ஒவ்வொரு இலக்கத்தையும் ஆறு தரம் பாத்தனான். எனக்குக் குருடாகுது, ஒருத்தரும் சொல்லுகினமில்லை எண்டு நினைச்சனான்.”

“மன்னிச்சுக்கொள்ளுங்கோ அக்கா” என்றேன்.

“ஓம்” என்று மட்டும் சொல்லிவிட்டு அக்கா தன் கதிரைக்குப் போனார். நான் முதல் பக்கத்தைச் செய்து முடித்து அவர் மேசையில் கொண்டுபோய் வைத்தேன். அவர் ஒவ்வொரு இலக்கத்தையும் ஒரே ஒரு தரம் பார்த்து, சரி என்று அடையாளமிட்டார்.